தோள் இறுக்கம், இரவில் கை மரப்பு: வயசு மட்டும்தானா?

“வயது 49, மாதவிலக்கு நின்று ஒரு வருடம். இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் புடவை செருக முடியவில்லை. ராத்திரி வலது கை மரத்து எழுப்பிவிடுகிறது. வயசுதான் என்கிறார்கள்.” – மஞ்சக்குப்பம், கடலூர்

அக்கா, இடது முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது முன்கையை மெல்ல வெளிப்பக்கம் தள்ளட்டும். அவர் தள்ளியும் திரும்பாமல் நின்று, எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தோள் மூட்டுறை இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர்தான். தசைநார் கிழிசல் என்றால் நமக்குத்தான் தூக்க வராது. அடுத்தவர் தூக்கினால் கை மேலே போகும்.

வலது கையில் சுண்டுவிரல் தப்பி, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்து, உதறினால் தணிகிறதா? அப்படியென்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்பல் டனல். மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை ஆறு வாரம் இரவில் கட்டிப் பாருங்கள். கட்டைவிரல் மேடு வற்றினால் மட்டும் காத்திருக்கவேண்டாம்.

இரண்டும் சேர்ந்து வந்ததால் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். தைராய்டு குறைந்தால் மணிக்கட்டுத் திசு நீர்கோத்து நரம்பை நெரிக்கும். சர்க்கரை தோளின் மூட்டுறையை இறுக்கும். எனக்குத் தைராய்டு குறைந்து டி.எஸ்.எச். 18 வரை ஏறியிருந்தது, அதுவரை தைலம் போட்டு நீவிக்கொண்டிருந்தேன்! மாத்திரை தொடங்கி நாலு மாதத்தில் மரப்பு குறைந்தது. தோளுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் உறுதியாகவில்லை. தோளுக்காக மட்டும் ஹார்மோன் மாத்திரை வேண்டாம். அப்புறம், வலி உச்சத்தில் இருக்கும்போது யாரையும் கையை முறுக்க விடாதீர்கள்.