கடைசி வரியை மறைத்துவிட்டு வாசியுங்கள்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக் கவிதைப் போட்டியில் நடுவர்கள் மூவர். படிமம், ஓசை, உணர்ச்சி, சொல்லாட்சி ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஏற்காட்டிலிருந்து வந்து படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதியது இது:

சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுகிறது
ஏணியில் அம்மா ஏறுகிறாள்
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான்
பனி இறங்குகிறது
அம்மாவின் பாதம் மட்டும் தெரிகிறது
தியாகத்தின் திருவுருவே உனக்கு வணக்கம்

உணர்ச்சிக்கு ஒருவர் 9, ஒருவர் 4, நான் 7. மற்ற மூன்றிலும் போட்டியிட்ட எல்லோருக்கும் ஏழோ எட்டோதான். கடைசி வரியில் மட்டுமே மோனை இருப்பதால் ஓசையில் குறைக்கச் சொன்னார் ஒருவர். மூவரின் சராசரியை எடுப்பது சரியா? நான்கு கூறுகளுக்கும் சம மதிப்பெண் சரியா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த மோனைக்காரரை அனுப்பிவிடுகிறேன். இரண்டாம் வரியில் 'ஏணியில்', 'ஏறுகிறாள்' என்று மோனை இருக்கிறதே, அவருக்குக் கேட்கவில்லையா? 'தியாகம்', 'திருவுரு' என்று மேடையில் முழங்கினால்தான் கேட்குமோ? நாலு சீர், மூன்று சீர், நாலு சீர் என்று போய்க்கொண்டிருந்த கவிதை, 'பனி இறங்குகிறது' என்று இரண்டே சீரில் நின்றுவிடுகிறது. ஏணியின் அடியில் நிற்கும் பெண்ணுக்கு மூச்சு நிற்கும் இடம் அது. ஓசைக்கு மதிப்பெண் போடுபவர் காது வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

சம மதிப்பெண் என்கிறீர்கள். தாளில்தான் அது சமம். மூன்று கூறுகளில் எல்லோரும் ஏழு எட்டு வாங்கியிருந்தால் அவை யாரையும் யாரிடமிருந்தும் பிரிப்பதில்லை. நாலிலிருந்து ஒன்பது வரை ஓடிய உணர்ச்சி மட்டுமே பரிசை முடிவு செய்திருக்கிறது. எந்தக் கூறில் மதிப்பெண் விரிந்து கிடக்கிறதோ அதுதான் போட்டியை நடத்துகிறது. படிமத்துக்கு எல்லோருக்கும் ஏழு போடுவது பெருந்தன்மை இல்லை, படிக்காமல் போடுவது. ஒரு கூறை எடுத்துக்கொண்டு எல்லாக் கவிதைகளுக்கும் போட்டு முடித்த பிறகு அடுத்த கூறுக்குப் போங்கள். அப்போதுதான் ஒன்றில் கிடைத்த நல்ல பெயர் மற்றதற்கு ஒட்டிக்கொள்ளாது.

உணர்ச்சிக்கு வருகிறேன். இது பல நாட்களாக எனக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் விஷயம். நம் போட்டிகளில் உணர்ச்சிக்கான மதிப்பெண் கவிதைக்குப் போவதில்லை, தலைப்புக்குப் போகிறது. அம்மா, விவசாயி, ராணுவ வீரர் என்றால் ஒன்பது. தும்பியைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு ஐந்து. உங்கள் 9 நடுவர் 'தியாகம்' என்ற சொல்லைக் கண்டு கொடுத்திருப்பார். 4 நடுவர் அதே சொல்லைக் கண்டு எரிச்சலில் குறைத்திருப்பார். இருவருமே முதல் ஐந்து வரிகளைப் படிக்கவில்லை. இந்த இரண்டு எண்களைக் கூட்டி வகுத்து என்ன கிடைக்கும்?

சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். சுற்றிலும் தறிச்சத்தம், திண்ணையில் போட்டித்தாள் கட்டு. ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வாசிப்பார். வாசித்து, எண்ணைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். பிள்ளைகள் வணக்கத்தையும் சபதத்தையும் கடைசி வரியில்தான் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே!

நீங்களும் மறைத்துப் பாருங்கள். இங்கே இருப்பது தியாகமே இல்லை, அச்சம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களன் சொல்கிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் கேள்வி அங்கே இருக்கிறது: இந்த உணர்ச்சி கவிதையில் எந்தப் பொருளிலிருந்து பிறக்கிறது? பனி அம்மாவை விழுங்கி, பாதத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அந்த ஏணி மகளின் கையில். விரல் வைத்துக் காட்ட முடிந்தால் எட்டுக்கு மேல் போடலாம். உணர்ச்சியின் பெயர் மட்டும் இருந்து அது பிறக்கும் இடம் இல்லையென்றால், எத்தனை கண்ணீர் விட்டாலும் நாலைத் தாண்டக் கூடாது.

நான் போடுவதானால் படிமம் 9, ஓசை 8, உணர்ச்சி 9, சொல்லாட்சி 5. கடைசி வரிக்கான தண்டனை சொல்லாட்சியோடு சரி. ஒரே குற்றத்துக்கு நாலு கூறிலும் வெட்டுவது நடுவர்களின் பழைய வியாதி.

சராசரி பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மூன்று எண்ணுக்கு மேல் இடைவெளி வந்தால் வகுக்காதீர்கள். அந்த இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, எந்த வரிக்காகப் போட்டீர்கள் என்று கேளுங்கள். வரியைக் காட்ட முடியாதவர் எண்ணைத் திருத்தட்டும்.

அந்தப் பெண்ணிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். பாதம் மட்டும் தெரிந்தபோது ஏணியை எப்படிப் பிடித்திருந்தாய் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதில் ஒரு வரி தேறினால் அதைக் கடைசி வரியாக வைத்துக்கொள்ளட்டும். தேறாவிட்டால் ஐந்து வரியே போதும்.