சிங்கப்பூர் நீரிணை: கடந்து போகலாம், நின்றால்?

கேள்வி: சார், நான் டெக் கேடட், ஊர் தூத்துக்குடி. சிங்கப்பூர்ல கப்பல் கட்டுற பெர்த் கிடைக்காம ஈஸ்ட் ஓபிஎல்ல ஆங்கர் போட்டு நின்னோம். பக்கத்துக் கப்பலை ரோந்துப் படகு வந்து பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அது சர்வதேச நீரிணைதானே?

நீரிணை சர்வதேசப் போக்குவரத்துக்கு உரியதுதான் தம்பி. ஆனால் அதன் தண்ணீருக்கு உடைமைக்காரர்கள் உண்டு. 1982 கடல் சட்ட ஒப்பந்தம் தருவது நிற்காமல், தாமதிக்காமல் கடந்து போகும் உரிமையை மட்டுமே. இயந்திரக் கோளாறோ ஆபத்தோ வந்தால் நிற்கலாம். பெர்த்துக்காக மூன்று நாள் காத்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

ஓபிஎல் என்றால் சிங்கப்பூர்த் துறைமுக எல்லைக்கு வெளியே என்றுதான் பொருள். துறைமுகக் கட்டணம் மிச்சமாகும், அவ்வளவுதான். பிந்தான் தீவுக்கு அருகே நீங்கள் ஆங்கர் போட்ட இடம் பெரும்பாலும் இந்தோனேசியாவின் கடல். அந்நாடு தன் 12 கடல் மைல் கடலெல்லையை, கண்ணுக்குத் தெரியும் கரையிலிருந்து அளப்பதில்லை. வெளித்தீவுகளின் முனைகளை இணைத்து வரைந்த கோட்டிலிருந்து அளக்கிறது. அதனால் கரை தொலைவில் தெரிகிறதே என்று நம்பி நிற்கும் கப்பல்தான் மாட்டும். அனுமதியில்லாமல் ஆங்கர் போட்டால், அந்நாட்டின் 2008 கப்பல் போக்குவரத்துச் சட்டப்படி கப்பலின் கேப்டனான மாஸ்டருக்கு ஓராண்டு வரை சிறையும் 20 கோடி ரூப்பியா வரை அபராதமும் விதிக்கலாம்.

அதே கேடட்: அப்ப ஆங்கர் போடாம டிரிஃப்ட்ல விட்டா?

அதுவும் கடப்பு ஆகாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் மிதக்கும் கப்பல் எங்கே கடந்து போகிறது? சாதாரணப் பயணத்தின் பகுதியாக நிற்பதைத் தீங்கற்ற கடப்புக்கான, அதாவது சாதாரணக் கடலெல்லை வழியே அமைதியாகப் போவதற்கான விதி அனுமதிக்கிறது, எனவே காத்திருப்பதும் அதில் அடங்கும் என்று கப்பல் உரிமையாளர்கள் தரப்பில் வாதிடலாம். கரையோர நாடு அதை ஏற்காது. இந்த வாதம் நடக்கும்போது கப்பல் தடுப்பில் கிடக்கும். ஏஜெண்ட் மூலம் அனுமதி வாங்கி, குறிக்கப்பட்ட ஆங்கரேஜில் நில்லுங்கள். இல்லையென்றால் வரும் வழியிலேயே வேகத்தைக் குறைத்து, நேரம் பார்த்து வந்து சேருங்கள்.

கேள்வி: சூயஸில் வாங்குகிறார்களே, மலாக்காவிலும் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்று நாடுகளும் டோல் வசூலித்தால் யார் தடுக்க முடியும்? தங்கள் கடல்தானே?

சூயஸ் வெட்டிய கால்வாய், எகிப்தின் உள்நாட்டு நீர், வசூலிக்கலாம். மலாக்கா இயற்கையான நீரிணை. வெறுமனே கடந்து போவதற்காகக் கட்டணம் கேட்க ஒப்பந்தம் இடம் தரவில்லை. பைலட், இழுவைப் படகு போன்ற சேவையைக் கொடுத்தால் அதற்கு மட்டும் கேட்கலாம். வழியை மூடவும் முடியாது.

இதில் கரையோர நாடுகளுக்கு ஒரு நியாயமான மனக்குறை உண்டு என்பது என் கருத்து. கலங்கரை விளக்கங்களையும் மிதவைகளையும் பராமரிப்பவர்கள் அவர்கள். எண்ணெய் கசிந்தால் கெடுவது அவர்கள் கரை. ஜப்பான் 1960களின் இறுதியிலிருந்தே உதவி வருகிறது. 2007-இல் கூட்டு ஏற்பாடு ஒன்றும் வந்தது. ஆனால் அதற்குத் தரும் பணம் விருப்பக் கொடை.

பணம் கேட்க முடியாதே தவிர, ஒழுங்கைக் கேட்கலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்புதலோடு 1998 டிசம்பர் முதல் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கப்பல்கள் தகவல் சொல்லியாக வேண்டும்: 300 டன்னுக்கு மேல் இருந்தால் விஹெச்எஃப் ரேடியோவில் பெயர், இடம் எல்லாம் கொடுக்கணும். ஆழமாக மூழ்கி வரும் பெரிய டேங்கர்களுக்கு அடிப்பாகத்தின் கீழ் எப்போதும் 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும்.

கேள்வி: போர்க்கப்பல் வந்தால் அனுமதி வாங்கணும். இந்தியச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஏன் விடுகிறார்கள்?

பாதி சரி. நம் 1976 சட்டம் போர்க்கப்பலிடம் கேட்பது முன்னறிவிப்பு, அனுமதி அல்ல. அந்த முன்னறிவிப்பைக்கூடக் கேட்கக்கூடாது என்று அமெரிக்கா வாதிடுகிறது. இந்தத் தகராறு தீரவில்லை. மலாக்கா போன்ற நீரிணையில் கடப்புரிமை இன்னும் வலுவானது: போர்க்கப்பலும் போகலாம், மேலே விமானமும் பறக்கலாம். சாதாரணக் கடலெல்லையில் நீர்மூழ்கி மேலெழுந்து கொடி காட்டணும். நீரிணையில் "தன் இயல்பான முறையில்" போகலாம் என்று மட்டும் விதி இருப்பதால், மூழ்கியே போகலாமா என்பதில் இன்றும் இரு கட்சி.

கேள்வி: ஐயா, ராமேஸ்வரத்துல விசைப்படகு வச்சிருக்கேன். வெளிநாட்டுக் கப்பலே அடுத்தவன் கடல்ல போகலாம்னா, நாங்க கச்சத்தீவுப் பக்கம் போனா மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?

இந்த உரிமை உங்களுக்குக் கைகொடுக்காது அண்ணே. மீன்பிடித்தால் கடப்பு தீங்கற்றதாக இருக்காது என்று 1982 ஒப்பந்தமே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு சும்மா கடந்தாலும் சிக்கல்தான். இந்திய-இலங்கை 1974 ஒப்பந்தம் பாக் விரிகுடாவை வரலாற்று நீர் என்கிறது. இலங்கை தன் பக்கத்தை உள்நாட்டு நீராகவே 1977-இல் அறிவித்தது. உள்நாட்டு நீரில் இந்தக் கடப்புரிமை பொதுவாகச் செல்லாது. உங்கள் வழக்கு 1974 ஒப்பந்தத்தில் சொன்ன பாரம்பரிய உரிமைகளையும் 1976-இல் இரு நாடுகளும் செய்த கடிதப் பரிமாற்றத்தையும் பற்றியது; அதை அந்த வழியில்தான் பேச வேண்டும்.