குளிர்ந்த காற்றை ஊதினால் உருகிய இரும்பு எப்படிச் சூடாகும்?

"உருகிய இரும்பை எஃகாக்கிய பெசமர் உலையில் அடியிலிருந்து வெறும் காற்றைத்தானே ஊதினார்கள், இரும்பு ஆறி உறைந்துவிடாதா?"

உறையாது. இரும்பில் கரைந்திருக்கும் சிலிக்கனும் கரியும்தான் அங்கே எரிபொருள், காற்று அவற்றை உள்ளேயே எரிக்கிறது.

காற்றைக் குளிர்விக்கும் பொருளாக மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் இரும்பில் 1% சிலிக்கன், அதாவது 10 கிலோ. அது எரிந்தால் சுமார் 320 மெகாஜூல். அதற்கு வேண்டிய ஐம்பது கிலோ காற்றைச் சூடாக்கக் கால்வாசி போனாலும், மிச்சம் அந்த இரும்பை ஏறக்குறைய 300 டிகிரி ஏற்றிவிடும். விறகும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம்.

அப்புறம் கரி எரியும்போது உலை வாயில் வெள்ளைச் சுவாலை சீறும். அது சட்டென்று அடங்கினால் கரி தீர்ந்தது என்று பொருள், ஊதலை உடனே நிறுத்த வேண்டும். மொத்தமே இருபது நிமிடம்தான். பிறகு மாங்கனீசும் கரியும் கலந்த இரும்பைச் சேர்த்தார்கள், இல்லையென்றால் அடிக்கும்போதே எஃகு வெடித்துப் பிளக்கும்.

இங்கிலாந்தின் டெர்பி நிலையத்தில், இரும்புத் தண்டவாளம் சில மாதங்களிலேயே தேய்ந்துபோன இடத்தில், 1857-ல் எஃகுத் தண்டவாளம் ஒன்றைப் போட்டார்கள். அது பதினாறு வருடம் உழைத்தது. சிகாகோவில் 1885-ல் எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தின் மேல்மாடிகளுக்கும் பெசமர் எஃகு உத்தரங்கள்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரும்பில் பாஸ்பரஸ் இருந்தால் இந்த முறை உதவாது. சிலிக்கா பூச்சுள்ள உலையில் அது போகாது, எஃகு குளிரில் நொறுங்கும். 1878 வாக்கில் தாமஸும் கில்கிறிஸ்டும் சுண்ணாம்புச் சத்துள்ள பூச்சைக் கொண்டுவந்த பிறகே பாஸ்பரஸ் உள்ள இரும்புத் தாதுக்களும் பயன்பட்டன.