கேனுலா கவனிப்புத் தாள்: செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வார்டில் 72 மணி நேரம் ஆனவுடன் கேனுலாவை மாற்றிவிடுவது வழக்கம். புதிதாக வந்த மருத்துவரோ, கை நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம் என்கிறார். எது சரி? (பொது மருத்துவ வார்டு செவிலியர்)

பதில்: பெரியவர்களைப் பொறுத்தவரை மருத்துவர் சொல்வது சரியே, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் மாற்றியவர்களுக்கும் தேவை ஏற்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது 7 விழுக்காட்டினருக்கு, ஏற்பட்டது. ஆகவே, கடிகாரத்தைப் பார்த்து நல்ல லைனை எடுத்துவிட்டு மறுபடி குத்துவதால் நோயாளிக்கு வலிதான் மிச்சம். எனினும் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 96 மணி நேர விதியைக் கைவிட்ட காலத்தில், கேனுலா வழியாக இரத்தத்தில் கிருமி பரவுவது அதிகரித்தது. அவர்கள் பழைய விதிக்குத் திரும்பிய பின் அது குறைந்ததாக 2021-இல் அறிக்கை வெளியானது. என் கருத்தில், ஒவ்வொரு ஷிப்டிலும் கேனுலா போட்ட இடத்தைப் பார்த்து, சிரை அழற்சியை அளக்கும் வி.ஐ.பி. மதிப்பெண் எழுதும் பழக்கம் உறுதியாக உள்ள வார்டுகள் மட்டுமே மணிக்கணக்கைக் கைவிடலாம். அந்தப் பழக்கம் இல்லாத வார்டில் 72 மணி நேர விதி ஒரு பாதுகாப்பு வேலி.

விதி எதுவாயினும் விலக்கு ஒன்று உண்டு. ஆம்புலன்ஸிலோ அவசரப் பிரிவிலோ தோலை முறையாகச் சுத்தம் செய்ய நேரமின்றிப் போடப்பட்ட கேனுலாவை, கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், 48 மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். எங்கே, எந்தச் சூழலில் போடப்பட்டது என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: வி.ஐ.பி. மதிப்பெண்ணில் 1-க்கும் 2-க்கும் இடையில் எப்போதும் குழப்பம் வருகிறது. ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா? (பயிற்சிச் செவிலியர்)

பதில்: வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் எதுவும் இல்லையென்றால் 0. ஊசி போட்ட இடத்தருகே இலேசான வலியோ இலேசான சிவப்போ, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 1. மேற்கூறிய மூன்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்திருந்தால் 2. லைனை எடுக்கும் கோடு 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் இருக்கிறது. 1 என்றால் கூர்ந்து கவனிக்க வேண்டும், 2 என்றால் எடுத்துவிட வேண்டும். கேனுலா செல்லும் வழி நெடுக வலியும், சிவப்பும், தோலடியில் கெட்டிப்பும் இருந்தால் 3. அவற்றோடு சிரை கயிறுபோல் கையில் தட்டுப்பட்டால் 4. காய்ச்சலும் சேர்ந்தால் 5. மூன்றிலிருந்து மேலே போனால், எடுப்பதோடு நில்லாமல் சிகிச்சை குறித்தும் மருத்துவரிடம் பேச வேண்டும்.

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 62 வயதுடைய அவருக்குத் திங்கள் இரவு 11 மணிக்கு, வார்டில், இடது புறங்கையில் 22 அளவு நீல நிறக் கேனுலா போடப்பட்டது. செவ்வாய் காலை மதிப்பெண் 0. மதியம் 2 மணிக்கு 500 மில்லி சலைனில் 20 மில்லி ஈக்விவேலன்ட் பொட்டாசியம் குளோரைடு கலந்து ஏற்றத் தொடங்கினார்கள். மாலை 4 மணிக்கு அவர் “எரியுது சிஸ்டர்” என்கிறார். தோலில் சிவப்போ வீக்கமோ இல்லை. இது 1. இங்கே “மதிப்பெண் 1” என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அடுத்து வருபவருக்கு எதுவும் புரியாது. “எரிச்சல், தொட்டால் இலேசான வலி, சிவப்பு இல்லை, மருத்துவரிடம் சொல்லி வேகம் குறைக்கப்பட்டது, 5 மணிக்கு மீண்டும் பார்க்க வேண்டும்” என்று எழுத வேண்டும். 5 மணிக்குப் பார்க்கையில் வலி நீடிக்கிறது, நுழைவிடத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சிவந்திருக்கிறது. இப்போது 2. மருந்து இன்னும் பாதி இருக்கிறதே, முடிந்ததும் எடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மருந்தை நிறுத்தி, கேனுலாவை எடுத்து, மற்றக் கையில் முன்கையின் பெரிய சிரையில் புதிதாகப் போட வேண்டும். பொட்டாசியம் சிரையின் உட்சுவரை உறுத்தும் மருந்து என்பதால், அதே மெல்லிய புறங்கைச் சிரையைச் சற்று மேலே தேடிக் குத்தினால் அதே தொல்லை திரும்பவும் வரும்.

எடுத்தவுடன் அந்த இடத்திற்கான பதிவு முடிந்துவிடாது. கேனுலாவை எடுத்த பிறகும் சிரை அழற்சி தலைகாட்டும் என்பதால், பழைய இடத்தையும் 48 மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். இதற்கிடையே டிஸ்சார்ஜ் ஆகிறவரிடம், சிவப்பு, வலி, சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் திரும்பி வரும்படி சொல்லி, சொன்னதையும் குறிக்க வேண்டும்.

கேள்வி: கை வீங்கியிருக்கிறது, ஆனால் டிரிப் நன்றாக ஓடுகிறது. இதுவும் அழற்சிதானா? (இரவு ஷிப்ட் செவிலியர்)

பதில்: தொட்டுப் பாருங்கள். சிரை அழற்சியில் தோல் சிவந்து சூடாக இருக்கும், வலி சிரையின் வழியே நீளும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்திருந்தால் தோல் வெளிறி, குளிர்ந்து, இறுக்கமாக இருக்கும். டிரிப் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்தபடியே வெகுநேரம் ஓடும். பாட்டிலைத் தாழ்த்தினால் இரத்தம் திரும்பி வருகிறது என்பதும் கசிவு இல்லை என்பதற்கு உறுதியான அடையாளம் ஆகாது. கசிவுக்கு வி.ஐ.பி. மதிப்பெண் போடுவது தவறு, அதைத் தனியே எழுத வேண்டும்.

சாதாரண சலைன் என்றால் நிறுத்தி எடுத்துவிடலாம். நார்அட்ரினலின், கீமோ மருந்து போன்று திசுவை அழிக்கக்கூடியவை கசிந்திருந்தால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு, கேனுலாவை உடனே பிடுங்காமல் அதிலேயே சிரிஞ்சைப் பொருத்தி, உள்ளே மிஞ்சியதை மெதுவாக உறிஞ்சிய பின் எடுக்க வேண்டும். அந்த இடத்தை அழுத்தவோ, அந்தக் கேனுலாவில் சலைன் செலுத்தவோ கூடாது. மருத்துவரை உடனே அழையுங்கள்.

கேள்வி: வென்டிலேட்டரில் உள்ளவர் வலியைச் சொல்ல மாட்டார். அவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? (தீவிர சிகிச்சைப் பிரிவு)

பதில்: வலி என்ற அளவுகோல் அவரிடம் செயல்படாது என்பதால், கண்ணால் காண்பதையும் கையால் தொட்டு உணர்வதையும் மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் பொது வார்டில் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை பார்க்கும் இடத்தை, மயக்கத்தில் உள்ளவருக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையும், பச்சிளங்குழந்தைக்கு மணிக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவரிடம் சிவப்பு மட்டுமே தெரிந்தாலும், அதை 1 என்று எழுதிவிட்டுக் காத்திருக்காமல் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் இரண்டாவது அறிகுறியான வலி அவரிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

கேள்வி: துணி பிளாஸ்டர் சுற்றியிருக்கும் கைக்கு என்ன எழுதுவது?

பதில்: நுழைவிடம் தெரியாவிட்டால் 0 என்று எழுதக் கூடாது. “பார்க்க இயலவில்லை” என்று எழுதி, பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்து, ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் போட்டுவிட்டு மதிப்பெண்ணைக் குறிக்கவும். காலை முதல் இரவு வரை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் வரிசையாக 0 எழுதப்பட்ட தாள்களைத் தணிக்கையில் பார்க்கும்போது, பாதிக் கைகளில் துணிச் சுற்று இருப்பதையும் பார்க்கிறேன்.

கேள்வி: மருந்து எல்லாம் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். “எதற்கும் இருக்கட்டும்” என்று கேனுலாவை விட்டுவைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு ஷிப்டிலும் தாளில் “இது இன்னும் தேவையா?” என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வதே இதற்காகத்தான். கடைசி 24 மணி நேரமாக எதுவும் செலுத்தப்படவில்லை, அடுத்த 24 மணி நேரத்திலும் திட்டமில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.