குடும்ப நிலத்தைப் பிரித்துக் கூர்சீட்டு எழுதுமுன்: பத்திர எழுத்தரிடம் சில கேள்விகள்

மூத்தவர்: பூர்வீக நிலம் 3 ஏக்கர் 20 சென்ட். அப்பா உயில் எழுதாம போயிட்டார். அம்மா, நாங்க ரெண்டு பேர், தங்கச்சி. ஆளுக்கு 80 சென்ட்னு பேசி முடிச்சாச்சு. அப்படியே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் அப்பாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் தலா 80 சென்ட். அப்பாவின் 80 சென்ட்தான் அம்மாவுக்கும் உங்களுக்குமாக 20, 20 என்று பிரியும். ஆக உங்களுக்குத் தலா 100, அதாவது 5/16; அம்மாவுக்கு 20. 80 சம பங்கு என்றால் பிள்ளைகள் மூவரும் தலா 20 சென்ட்டை அம்மாவுக்கு விடுகிறீர்கள். அந்த வரி சீட்டில் இல்லாவிட்டால், பின்னாளில் "கணக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒருவர் வருவார்.

மருமகள்: 20 ரூபாய் பத்திரத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா செல்லும்தானே?

தாளை விடுங்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். "இதன்படி பிரித்துக்கொள்கிறோம்" என்றால் அந்தத் தாளே பாகம் பிரிக்கிறது. பதிவு செய்தாக வேண்டும். "தை மாதமே பேசிப் பிரித்து அவரவர் அனுபவித்து வருகிறோம், நினைவுக்காக எழுதுகிறோம்" என்றால் நடந்ததன் குறிப்பு. அதற்குப் பதிவு வேண்டாம் என்பது 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உண்மையாக நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மகள்களின் பங்குரிமை பற்றிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வாய்ப்பேச்சுப் பாகத்தை நீதிமன்றம் சுலபத்தில் நம்புவதில்லை. தனிப் பட்டா, தனி ரசீது கேட்கும். எனவே கூர்சீட்டோடு நிற்காமல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடுங்கள்.

இளையவர்: கிணறு யாருக்குன்னு முடியலை. அது முடியுற வரைக்கும் எதையும் எழுத வேண்டாம்ங்கிறார் அண்ணன்.

அப்படிக் காத்திருந்து பேசிய பாகமும் கெட்டுப்போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முடிந்ததையும் முடியாததையும் தனித்தனியாக எழுதுங்கள். "கிணறும் மோட்டாரும் பிரிக்கப்படவில்லை, நால்வருக்கும் பொது. முடிவாகும்வரை தண்ணீர் முறை ஆளுக்கு ஒரு நாள். கரண்ட் பில் சமமாக. மேற்குப் பாகத்துக்குப் போகும் வண்டிப்பாதையை யாரும் மறிப்பதில்லை." பாதையை மறந்துவிடாதீர்கள். முதல் சண்டை அங்கேதான் வரும்.

வெள்ளைத் தாளில் எழுதினால்?

மேலே மருமகளுக்குச் சொன்னதுதான். வினைச்சொல்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அதிலும் பிள்ளைகளுக்கு 5/16 தானா?

அது பூர்வீகமே இல்லையே! உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமம். அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும்.

மூத்தவர்: தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே 40 பவுன் போட்டாச்சு. இன்னும் பாகமா?

பாகம்தான். சீர் வேறு, பாகம் வேறு.

தங்கை: அந்த நகை அண்ணனோட கடைக்கு அடகு போய் இன்னும் திரும்பலை. அதையும் எழுதச் சொல்லுங்க.

மூத்தவர்: வட்டி நான்தான் கட்டிட்டிருக்கேன்.

நகைக் கடனை நிலக் கணக்கில் கலக்காதீர்கள். "முடியாதவை" என்பதன் கீழ் இரண்டாவதாக இருவர் சொல்வதையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். எத்தனை பவுன், எந்த ரசீது என்பதும் வரட்டும்.

மூத்தவர்: அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதையும் எழுதுங்கள்.

20 ரூபாய் பத்திரம்தான் வேணுமா, 100 ரூபாயா?

ஐயா, வினைச்சொல்!