சின்ன வயதில் பிள்ளை பெற்றதால்தான் நான் குள்ளமா?

"எனக்கு இப்போ 25 வயசு. 14 வயசுல பெரிய மனுஷி ஆனேன். 16 முடிஞ்சு ரெண்டு மாசத்துல முதல் குழந்தை வயித்துல தங்கிடுச்சு. என் உயரம் 150 செ.மீ. என் தங்கை 22 வயசுலதான் கல்யாணம் பண்ணிக்கிட்டா, அவ 156. 'வளர்ற வயசுல பிள்ளை பெத்தே, அதான் உன் வளர்த்தி நின்னுபோச்சு'ன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழறாங்க. இது நிஜமா? இனிமே ஏதாவது சாப்பிட்டா உயரம் கூடுமா?"
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரி, உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த 6 செ.மீ. முழுவதும் கர்ப்பத்தால் போகவில்லை. உங்கள் விஷயத்தில் போயிருந்தால் அதிகபட்சம் ஒன்று, ஒன்றரை செ.மீ. போயிருக்கும். அதுவும் போகாமலே இருந்திருக்கலாம். எப்படிச் சொல்கிறோம் என்பதை உங்கள் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

ஒரு பெண் வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓராண்டு, ஒன்றரை ஆண்டில்தான். பாவாடை குட்டையாகிக்கொண்டே போகும் காலம் அது. முதல் மாதவிடாய் வரும்போது அந்த ஓட்டம் தணியத் தொடங்கிவிடும். அதன் பிறகு கூடுவது சராசரியாக 5 முதல் 7 செ.மீ. இந்த மிச்சத்திலும் பாதிக்கு மேல் முதல் ஓராண்டிலேயே முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் ஒன்றரை, இரண்டு செ.மீ. வரும். மூன்றாம் ஆண்டில் ஒரு செ.மீ. வந்தாலே அதிகம். பிறகு வருவதெல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான். உங்களைப் போல 14 வயதில், கொஞ்சம் தாமதமாகப் பெரியவளாகும் பெண்ணுக்கு இந்த மிச்சம் இன்னும் குறைவாகவே இருக்கும். அவள் அதற்கு முன்பே கூடுதலாக ஓரிரு ஆண்டு வளர்ந்திருப்பாள்.

நீங்கள் கருவுற்றது வயதுக்கு வந்து இரண்டு ஆண்டு கழித்து. அப்போது உங்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்று, ஒன்றரை செ.மீ.தான். கர்ப்பமும் தாய்ப்பால் கொடுத்த காலமும் சேர்ந்து அத்தனையையும் விழுங்கியது என்றே வைத்துக்கொண்டாலும் நீங்கள் 151, 151½ வரைதான் வந்திருப்பீர்கள். 156-க்கு வந்திருக்க முடியாது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைக்குள் 5, 6 செ.மீ. வித்தியாசம் மிகச் சாதாரணம். யாருக்கு அப்பா வீட்டு உயரம், யாருக்கு அம்மா வீட்டு உயரம் வாய்த்தது என்பது ஒன்று. பிறந்த முதல் இரண்டு ஆண்டில் யாருக்குப் பாலும் பருப்பும் சரியாகக் கிடைத்தது, யார் அடிக்கடி வயிற்றுப்போக்கில் படுத்தார்கள் என்பது இன்னொன்று. உயரத்தைப் பெருமளவு தீர்மானிப்பவை இவைதான்.

எனவே "எத்தனை வயதில் கர்ப்பம்" என்பதைவிட "வயதுக்கு வந்து எத்தனை மாதத்தில் கர்ப்பம்" என்ற கேள்வியே இங்கே முக்கியம். 12 வயதில் பெரியவளாகி 16-ல் கருவுற்ற பெண்ணுக்கு இழக்க உயரம் ஏறக்குறைய ஏதும் மிச்சமில்லை. அதே 16 வயதில், 15-ல்தான் பெரியவளான மெலிந்த பெண் கருவுற்றால் அவளுக்கு இழப்பு இருக்கும். சிறு வயதிலிருந்தே சாப்பாட்டுக் குறையோடு வளர்ந்த பெண்கள் மெதுவாக வளர்வார்கள், பதின்பருவத்தின் கடைசிவரைகூட வளர்வார்கள். உடல் அந்தப் பழைய குறையைத் தாமதமாகவாவது ஈடுகட்டப் பார்க்கும். அந்த நேரத்தில் வரும் கர்ப்பம்தான் கெடுதல்.

இது ஊகமில்லை. வங்கதேசத்தின் வடமேற்கில் உள்ள கிராமங்களில் 12 முதல் 19 வயது வரையுள்ள பெண்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. கர்ப்பத் தொடக்கத்தில் ஒருமுறை, பிரசவமாகி ஆறு மாதம் கழித்து ஒருமுறை அளந்தார்கள். அதே வயதில் கருவுறாத பெண்களையும் கூடவே அளந்தார்கள். கருவுறாதவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தார்கள். கருவுற்றவர்கள் உயரவே இல்லை. மூன்றரை மில்லிமீட்டர் சொற்பம்தான். ஆனால் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று: கருவுற்ற பெண்களின் உடலில் கொழுப்பும் மேல்கைச் சுற்றளவும் குறைந்திருந்தன. மேல்கைச் சுற்றளவில் மட்டும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தார்கள். வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் கருவுற்றவர்களிடம் இந்த உருக்கம் இன்னும் அதிகம். உயரம் நின்றதைவிட உடம்பு கரைந்ததுதான் பெரிய சேதம்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தில், 1990-களில் கண்டது இதற்கு நேர்மாறு. அங்கே கருவுற்ற பதின்வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கர்ப்பத்தின் ஊடேயே வளர்ந்துகொண்டிருந்தார்கள். சாப்பாடு போதிய அளவு கிடைத்தால் கர்ப்பம் வளர்ச்சியை நிறுத்தியே தீரும் என்பதில்லை. ஆனால் விலையைக் குழந்தை கொடுத்தது. வளர்ந்துகொண்டிருந்த தாய்மார்கள் நன்றாக எடை போட்டும்கூட, அவர்களின் குழந்தைகள் சராசரியாக 150 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்தன. தாயின் உடல் தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டது. இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் நடப்பது புரியும். ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். தட்டு மிகச் சிறியதென்றால் தாயின் வளர்ச்சி நிற்கிறது, அவள் உடம்பும் கரைகிறது. ஓரளவு நிறைந்த தட்டென்றால் குழந்தைக்குக் கொஞ்சம் குறைகிறது.

கேம்டன் பெண்கள் வளர்ந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் அதுதான். கர்ப்பிணியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தால் அவள் வளரவில்லை, சிறிது குட்டையாகவே ஆகிவிட்டாள் என்று தோன்றும். வயிறு முன்னால் தள்ளுவதால் இடுப்புக்கு மேல் முதுகு உள்வாங்கி வளைகிறது. கூடின எடையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் அழுந்துகின்றன. எலும்பு வளர்ந்தாலும் இந்த வளைவு அதை மறைத்துவிடும். அதனால் அந்த ஆய்வாளர்கள் பெண்ணை உட்காரவைத்து, முழங்காலை நேர்கோணத்தில் மடக்கி, குதிகாலிலிருந்து முழங்கால் வரை மட்டும் நுட்பமான கருவியால் அளந்தார்கள். காலெலும்புக்கு முதுகு வளைவு தெரியாதல்லவா!

உங்கள் வீட்டிலும் இதே கணக்கைச் சரிபார்க்கலாம். பள்ளியில் எடுத்த உயரம் எங்காவது எழுதியிருக்கும். கர்ப்பம் பதிவு செய்தபோது நர்ஸம்மா முதல் சந்திப்பில் எழுதிய உயரம் உங்கள் தாய்-சேய் அட்டையில் இருக்கும். இன்றைய உயரத்தையும் நர்ஸம்மா அளந்த அதே வேளையில் எடுங்கள். மாலைக்குள் எல்லோருக்குமே ஒரு செ.மீ. வரை குறைந்துவிடும். செருப்பில்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படும்படி நின்று, பார்வை நேராக இருக்க, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்கு நேர்கோணமாக வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 16 வயதில் அட்டையில் 149, இன்று 150 என்றால் பிள்ளை பெற்ற பிறகும் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றென்றால் அப்போதே வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்தது, அல்லது அந்தச் சொச்சம் நின்றுபோனது. அரை செ.மீ. வித்தியாசத்தை நம்ப வேண்டாம், அது அளப்பவர் கைப்பிழை. தங்கையோடு ஒப்பிடுவதைவிட உங்களோடு உங்களையே ஒப்பிடும் இந்த வழிதான் சரியான பதில் தரும்.

"சின்ன வயதில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் குள்ளமாகத்தானே இருக்கிறார்கள்" என்று அம்மா கேட்கக்கூடும். ஏழ்மையான வீட்டில் பிறந்து, சரியாகச் சாப்பிடாமல், முதலிலேயே குள்ளமாக இருந்த பெண்களுக்குத்தான் அதிகமாக இளவயதுத் திருமணம் நடக்கிறது. அந்தக் குள்ளத்தில் பெரும்பங்கு கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

உங்கள் உறவில் இப்போது கர்ப்பமாக இருக்கும் பதின்வயதுப் பெண் யாராவது இருந்தால், இது அவளுக்காக. கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த 350 வந்துவிடும். வளரும் பெண்ணுக்கு அது மட்டும் போதாது, இன்னொரு வேளைப் பருப்பும் சோறும் வேண்டும். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தேவை 600 கலோரியாக ஏறும். பிரசவம் முடிந்ததும் 'பத்தியம்' என்று தட்டைச் சுருக்குவது அப்போதுதான் மிகப் பெரிய தவறாகிறது. அரசு தரும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச்சத்து இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடவேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும். கரைந்த உடம்பு தேற அந்த அவகாசம் தேவை.

பிரசவத்தையும் மருத்துவமனையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பின் உள்வழி இரண்டு மூன்று ஆண்டு விரிந்துகொண்டிருக்கும். வயதுக்கு வந்து சீக்கிரமே கருவுற்றவளுக்கு வழி இன்னும் குறுகலாகவே இருக்கும். வலி எடுத்து நெடுநேரமாகியும் குழந்தையின் தலை இறங்காமல் நிற்கும் ஆபத்து அதனால்தான்.

இனிமேல் உயரம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு எலும்பாக மாறி மூடிக்கொண்டால் பிறகு எந்தப் பொடியும் மாத்திரையும் தொங்கும் பயிற்சியும் அதைத் திறக்காது. 25 வயதில் உங்களுக்கு அது மூடி வெகுகாலம் ஆகியிருக்கும். அந்தப் பொடிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் குறைந்தால் நர்ஸம்மாவிடம் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் அந்த அட்டையை எடுத்துக் காட்டுங்கள். 16 வயதில் எழுதிய எண்ணையும் இன்று சுவரில் போட்ட கோட்டையும் அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.