நண்பனுக்குப் போட்ட ஜாமீனிலிருந்து விலகுவது எப்படி?

"நண்பன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவணை ஒழுங்காகத்தான் போகிறது. விலகுகிறேன் என்று கடிதம் கொடுத்தால் போதுமா?"

போதாது. பணம் முழுதாகக் கொடுக்கப்பட்ட தவணைக் கடன் என்றால், கடன் கொடுத்தவர் சம்மதித்து எழுதித் தந்தால்தான் விடுதலை. உங்கள் கடிதத்தின் நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வைத்துத் தருவார்கள். பலர் அதையே சம்மதம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். கடிதம் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று நண்பர் எழுதித் தந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

வங்கி சும்மா விடாது, மாற்று கேட்கும். 10 லட்சத்தில் 6 லட்சம் பாக்கி என்று வையுங்கள். அந்த 6 லட்சத்துக்குத் தகுந்த வருமானமுள்ள வேறொருவரையோ சொத்து அடமானத்தையோ நண்பர் கொண்டுவர வேண்டும். தவணை தவறாத இப்போதே கேளுங்கள். தவறிய பிறகு யாரும் விடமாட்டார்கள்.

சரி, விடுவிப்புக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? கடன் கணக்கு எண், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தேதி, அப்புறம் 'இந்தத் தேதி முதல் பழைய பாக்கி உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கிறோம்' என்ற வரி. 'புதியவர் கையெழுத்திட்ட பின் பரிசீலிப்போம்' என்றிருந்தால் நீங்கள் இன்னும் ஜாமீன்தாரர்தான். அதிகாரம் உள்ளவர் பெயர், பதவியோடு கையெழுத்திட்டிருக்கிறாரா பாருங்கள். அசல் ஜாமீன் பத்திரத்தையும் திரும்பக் கேளுங்கள். சில வாரம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கடன் இன்னும் உங்கள் பெயரில் தெரிந்தால், அந்தக் கடிதத்தை இணைத்துத் திருத்தச் சொல்லுங்கள்.